கிரயப் பத்திரம் ரத்து: 3 வருடக் கடிகாரம் எந்த நாளில் ஓட ஆரம்பிக்கிறது?

குஜராத் மாநிலம் சூரத்தில் ஒரு விவசாயக் குடும்பம். 2009 ஜூலை 2-ம் தேதி தங்கள் நிலத்தை விற்று, கிரயப் பத்திரம் பதிவு செய்து கொடுக்கிறார்கள். விலை சுமார் 1.74 கோடி ரூபாய். மொத்தப் பணமும் 36 காசோலைகள் மூலம் வந்து சேர்ந்துவிட்டதாகப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது.

ஐந்து வருடம் கழித்து, 2014 டிசம்பர் 15-ல் அந்தக் குடும்பம் நீதிமன்றத்துக்கு வருகிறது. "எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறு காசோலை மூலம் வெறும் 40,000 ரூபாய்தான் கைக்கு வந்தது. மீதி 30 காசோலையும் பொய். இது மோசடி, பத்திரத்தை ரத்து செய்யுங்கள்" என்பது அவர்கள் வாதம். அதற்குள் அந்த நிலம் இன்னொருவருக்கு 2 கோடிக்கு மேல் கைமாறியிருந்தது.

வழக்கு என்ன ஆனது? சாட்சி விசாரணை வரைக்கும்கூடப் போகவில்லை. பணம் உண்மையில் வந்ததா இல்லையா என்று விசாரிக்கும் முன்பே, காலம் கடந்துவிட்டது என்று சொல்லி மனுவையே நிராகரித்தார்கள். கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம், கடைசியில் 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் என மூன்று இடத்திலும் ஒரே பதில்தான். சட்ட வட்டாரத்தில் இதை 'தாஹிபென் வழக்கு' என்பார்கள்.

மோசடி நடந்ததா என்பது ஒரு கேள்வி. அதை நீங்கள் எப்போது தெரிந்துகொண்டீர்கள் என்பது இன்னொரு கேள்வி. பத்திர ரத்து வழக்குகளில் பல நேரம் இரண்டாவது கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. அந்த 3 வருடக் கணக்கை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் ரத்து செய்ய முடியாதா?

முடியாது. முறையாகப் பதிவான கிரயப் பத்திரத்தை, 'இதில் மோசடி நடந்திருக்கிறது' என்று விசாரித்து ரத்து செய்யும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது. விற்றவர் மட்டும் தனியாகப் போய் 'நான் ரத்து செய்கிறேன்' என்று ஒரு ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாலும் அது செல்லாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை 2011-லேயே சொல்லிவிட்டது. வாங்கியவர் சம்மதித்து இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் கதை வேறு. மோசடி செய்தவர் அப்படி வந்து கையெழுத்துப் போடுவாரா என்ன?

தமிழ்நாட்டில் நடுவில் ஒரு மாற்று வழி இருந்தது. பதிவுச் சட்டத்தில் 77ஏ என்ற பிரிவைச் சேர்த்து, போலிப் பத்திரங்களின் பதிவை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் கொண்டுவந்தார்கள். செலவு குறைவு, சீக்கிரம் முடியும் என்று ஏராளமானோர் மனு கொடுத்தார்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்துவிட்டது. சொத்துரிமை யாருக்கு என்று முடிவு செய்வது சிவில் நீதிமன்றத்தின் வேலை என்பதுதான் அதன் அடிப்படை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதிவாளரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாள்கள், போலீஸில் புகார் கொடுத்துவிட்டு அலைந்த நாள்கள், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று பொறுத்திருந்த நாள்கள் எதுவும் 3 வருடத்திலிருந்து தானாகக் கழியாது. அந்தப் பக்கம் புகார் நடக்கட்டும், இந்தப் பக்கம் சிவில் வழக்குக்கான கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சட்டம் சரியாக என்ன சொல்கிறது?

ரத்து கேட்கும் உரிமை, 1963-ம் ஆண்டின் குறித்த வகைத் தீர்வழிச் சட்டத்தின் 31-வது பிரிவில் இருக்கிறது. வக்கீல்கள் 'ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்' என்பார்கள். காலக்கெடு இருப்பது அதே வருடத்துக் காலவரையறைச் சட்டத்தில், அதாவது 'லிமிடேஷன் ஆக்ட்'டில். அதன் 59-வது இனம் சொல்வது இது: பத்திரத்தை ரத்து செய்யக் காரணமான விஷயங்கள் உங்களுக்கு முதன்முதலில் தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம்.

பத்திரம் பதிவான நாள் என்று சட்டம் சொல்லவில்லை. 'தெரியவந்த நாள்' என்றுதான் சொல்கிறது. கேட்க ரொம்ப வசதியாக இருக்கிறது, இல்லையா? 'எனக்குப் போன மாதம்தான் தெரியும்' என்று சொல்லிவிட்டால் போதுமே என்று தோன்றும். அதற்குத்தான் 17-வது பிரிவு இருக்கிறது. மோசடியைப் பொறுத்தவரை, நீங்கள் அதைக் கண்டுபிடித்த நாள் மட்டும் கணக்கில்லை. நியாயமான அக்கறை எடுத்திருந்தால் எந்த நாளில் கண்டுபிடித்திருக்க முடியுமோ, அந்த நாளும் கணக்குத்தான்.

சூரத் குடும்பம் விழுந்தது இந்த இடத்தில்தான். 2014 நவம்பரில் பத்திரப் பதிவு விவரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் மோசடி தெரிந்தது என்றார்கள். பத்திரத்திலேயே 36 காசோலைகளின் விவரம் இருக்கிறதே, அதில் 30 காசோலைக்குப் பணம் வரவில்லை என்றால் அது உடனே தெரிந்திருக்குமே, ஐந்து வருடத்துக்கும் மேலாக ஏன் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று கேட்டது உச்ச நீதிமன்றம். கடிகாரம் 2009 ஜூலை 2-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது, 2012 ஜூலையில் நின்றும்விட்டது என்பதுதான் முடிவு.

அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பேசிய விலையில் பாக்கி வரவில்லை என்பது மட்டுமே பத்திரத்தை ரத்து செய்யக் காரணம் ஆகாது. சொத்து மாற்றுச் சட்டப்படி, விலையைக் கொடுத்தாலும், கொடுப்பதாக உறுதி சொன்னாலும், ஒரு பகுதி கொடுத்து மீதிக்கு உறுதி சொன்னாலும் அது கிரயம்தான். பாக்கிக்கு வேண்டுமானால் பணம் கேட்டு வழக்குப் போடலாம், நிலம் திரும்பி வராது.

அப்படியானால் தாமதமாக வந்த எல்லா வழக்கும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுமா? அப்படியும் இல்லை. 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபக்கத்தையும் சொன்னது. பத்திரம் பதிவான நாளும் அது வழக்காடுபவருக்குத் தெரிந்த நாளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எப்போது தெரிந்தது என்பதில் உண்மையான சர்ச்சை இருந்தால், சாட்சியம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஆரம்பத்திலேயே மனுவை நிராகரிக்கக் கூடாது என்றது. சுருக்கமாகச் சொன்னால், 'தெரிந்த நாள்' என்று நீங்கள் சொல்லும் தேதி நம்பும்படி இருக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் காகிதங்களே அதைப் பொய்யாக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இந்த மாதிரிக் கதை உங்கள் சொந்த ஊரிலும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

மகன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறார். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், வயது 68. அம்மா பெயரில் ஒரு ஏக்கர் நிலம். நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர், மூன்று லட்ச ரூபாய் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி, 2021 மார்ச் 22-ம் தேதி அம்மாவை ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிப் போகிறார். போட்டோ எடுக்கிறார்கள், விரல் ரேகை வைக்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். உண்மையில் அது 18 லட்ச ரூபாய்க்கு எழுதிய கிரயப் பத்திரம்.

2022 செப்டம்பர் 15-ல் பட்டா மாறுதல் சம்பந்தமாக வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிடுகிறார். 2024 பிப்ரவரி 9-ல், வீடு கட்ட லோன் எடுக்கலாம் என்று மகன் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கிறார். நிலம் அம்மா பெயரிலேயே இல்லை.

போன் போட்டுக் கேட்டால், "கடன் பத்திரம்னுதானப்பா சொன்னாங்க, சித்தப்பாவே கூட இருந்தாரே" என்கிறார் அம்மா.

இப்போது 3 வருடத்தை எங்கிருந்து எண்ணுவது? மூன்று தேதிகள் இருக்கின்றன. மகன் வில்லங்கச் சான்று பார்த்த நாளிலிருந்து எண்ணினால் 2027 பிப்ரவரி 9 வரை நேரம் இருக்கிறது. பட்டா நோட்டீஸ் வந்த நாளிலிருந்து எண்ணினால் 2025 செப்டம்பர் 15-ல் முடிந்துவிடும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ணினால் 2024 மார்ச் 22.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வழக்குப் போடப்போவது அம்மா. அதனால் மகனுக்கு எப்போது தெரிந்தது என்பது முக்கியமில்லை, அம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்பதுதான் கேள்வி. மகன் பெயரைச் சொல்லி 2024 என்று வாதாடினால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நோட்டீஸில் இருக்கும் அம்மாவின் கையெழுத்தை எடுத்து நீட்டுவார். 'நோட்டீஸைப் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே' என்பார். இன்னும் கொஞ்சம் துணிந்தால், 'சார்பதிவாளர் முன்னாடி விற்கச் சம்மதம் என்று ஒப்புக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டார், அன்றைக்கே தெரியும்' என்பார்.

இதற்கெல்லாம் அம்மா தரப்பிலும் பதில் இருக்கிறது. அவர் வாதம் ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் அது ஜெயிக்குமா என்பதைச் சோதித்துப் பார்க்கும் நிலைமைக்கே போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். உங்களுக்கு வசதியான தேதியிலிருந்து எண்ணாதீர்கள். எதிர்த்தரப்பு காட்டக்கூடிய முதல் தேதியிலிருந்து எண்ணுங்கள். அப்படி எண்ணினால் இந்த மகனுக்கு மிச்சம் இருப்பது மூன்று வருடம் இல்லை, 42 நாள். அந்த 42 நாளுக்குள் அம்மா வழக்குப் போட்டுவிட்டால், காலம் கடந்தது என்ற வாதத்துக்கே வேலை இல்லை.

42 நாளைத் தாண்டிவிட்டால்? 2025 செப்டம்பர் வரை ஓரளவு வலுவான வாதம் இருக்கிறது. அதற்கும் பிறகு என்றால் நாளுக்கு நாள் பலவீனம்தான். 3 வருடம் உண்மையிலேயே முடிந்துவிட்டால், அப்பீல் மாதிரி 'தாமதத்தை மன்னியுங்கள்' என்று மனுப் போடும் வசதி இங்கே கிடையாது. தாமதத்தை மன்னிக்கும் 5-வது பிரிவு அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான் பொருந்தும், அசல் வழக்குக்குப் பொருந்தாது. எதிர்த்தரப்பு கேட்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று 3-வது பிரிவு சொல்கிறது.

மிரட்டி வாங்கிய கையெழுத்து என்றால்?

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மோசடி என்றால் அது பிறகு தெரியவரும். மிரட்டல் அப்படி இல்லை. கத்தியைக் காட்டி, அல்லது பிள்ளையைக் கடத்திவிடுவேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால், அது மிரட்டல் என்பது அந்த நிமிடமே உங்களுக்குத் தெரியும். ஆக, கடிகாரமும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் 17-வது பிரிவு மோசடி, தவறான புரிதல், மறைக்கப்பட்ட ஆவணம் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. மிரட்டல் நீடித்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று ரத்து வழக்குக்குத் தனி விதி எதுவும் இல்லை.

'அவர் ஊரில் பெரிய ஆள், அப்போது எதிர்த்து நிற்க முடியவில்லை, இப்போது ஆட்சி மாறிவிட்டது' என்று ஐந்து வருடம் கழித்து வருபவர்களுக்கு இதனால்தான் வழி அடைபடுகிறது. பயம் உண்மையானதுதான். ஆனால் அந்தப் பயத்தைக் காலக் கணக்கு கண்டுகொள்வதில்லை. நேரில் போகப் பயமாக இருந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து, வெளியூரிலிருந்தபடியே வக்கீல் மூலம் வழக்கைத் தாக்கல் செய்யவாவது வேண்டும்.

கையெழுத்தே போடவில்லை என்றால்?

உங்கள் இடத்தில் இன்னொரு ஆளை உட்காரவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது விஷயமே வேறு. ஏமாந்து நீங்கள் போட்ட கையெழுத்து என்றால், அந்தப் பத்திரம் ரத்தாகும்வரை செல்லும். ஆள்மாறாட்டப் பத்திரமோ முதல் நாளிலிருந்தே செல்லாதது. அதை ரத்து செய்யக் கேட்க வேண்டியதில்லை; 'இது என்னைக் கட்டுப்படுத்தாது, சொத்து என்னுடையது' என்று அறிவிப்புக் கேட்டால் போதும். நிலத்தில் இன்னொருவர் குடியேறியிருந்தால் சுவாதீனத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்கும் வழக்குக்கு 12 வருடம் காலம் உண்டு. அந்த 12 வருடம், அவருடைய சுவாதீனம் உங்கள் உரிமைக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து எண்ணப்படும்.

'அப்போ நம்மகிட்ட 12 வருஷம் இருக்கே' என்று சாய்ந்து உட்கார்ந்துவிடக் கூடாது. நிலம் உங்கள் கையிலேயே இருந்து, அறிவிப்பு மட்டும் கேட்பதாக இருந்தால் அதற்குக் காலம் 3 வருடம்தான்.

நம் உதாரணத்து அம்மாவுக்கு இங்கே ஒரு சுவாரசியமான வாதம் இருக்கிறது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் ஏமாற்றுவது ஒன்று, அது என்ன வகைப் பத்திரம் என்பதிலேயே ஏமாற்றுவது இன்னொன்று. இரண்டாவது வகையில் அந்தப் பத்திரமே செல்லாது என்று 1968-ல் நிங்கவ்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. கடன் பத்திரம் என்று நம்பிக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அம்மா இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதே நிங்கவ்வா வழக்கில், தன்னை ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்கள் என்று சில நாளிலேயே தெரிந்தும் 3 வருடத்துக்குள் வராததால், அந்தப் பெண் குறிப்பிட்ட நிலங்களை இழந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 'செல்லாத பத்திரம்' என்ற வாதத்தைக் கூடுதல் பலமாக வைத்துக்கொள்ளலாம். தேதியைத் தள்ளிப்போட அதைக் காரணமாக்கக் கூடாது.

வழக்கில் என்னென்ன இருக்க வேண்டும்?

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் ரத்து கேட்க வேண்டும், கையெழுத்துப் போடாதவர் அறிவிப்புக் கேட்டால் போதும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோர்ட் கட்டணமும் இதைப் பொறுத்து மாறும். தமிழ்நாட்டில் ரத்து வழக்குக்கு மதிப்பின் அடிப்படையில் கட்டணம், விகிதம் 3 சதவீதம். முன்பு ஏழரை சதவீதமாக இருந்ததை 2017-ல் குறைத்தார்கள். அம்மாவின் பத்திரத்தில் இருக்கும் 18 லட்சத்தை மதிப்பாக எடுத்தால் கட்டணம் 54,000 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி. 42 நாளுக்குள் இந்தப் பணத்தையும் புரட்ட வேண்டும் என்பதால் முதல் வாரத்திலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

அடுத்து, மனுவின் வாசகம். 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று பொதுவாக எழுதினால் போதாது. யார், எந்தத் தேதியில், என்ன சொல்லி ஏமாற்றினார், உண்மை எப்போது, எப்படித் தெரிந்தது என்று விவரமாகச் சொல்ல வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம். பதிவான பத்திரம் சரியானது என்றுதான் நீதிமன்றம் ஆரம்பத்தில் எடுத்துக்கொள்ளும். அது தவறு என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அம்மா விஷயத்தில் வலுவான ஆதாரம் அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட். 18 லட்சம் கொடுத்ததாகப் பத்திரம் சொல்கிறது, கணக்கிலோ 3 லட்சம்தான் வந்திருக்கிறது. வெறும் பாக்கி விலைப் பிரச்னை என்றால் தாஹிபென் வழக்கு மாதிரி ஆகிவிடும். அந்த 3 லட்சம் கடனாகத்தான் வந்தது என்பதைக் காட்டும் சாட்சியும், வட்டி கட்டிய ரசீதும் கிடைத்தால் மோசடிக்கு உருவம் வந்துவிடும்.

அந்த 3 லட்சத்தை மறைக்கவும் கூடாது. ரத்து செய்யும்போது, நீங்கள் பெற்ற பலனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல 33-வது பிரிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 'கொடுக்கத் தயார்' என்று மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, நிலம் மேலும் கைமாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே வேறு யாராவது வாங்கியிருந்தால் அவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். விஷயம் தெரியாமல், நியாயமான விலை கொடுத்து, ரத்துக்கு முன்பே வாங்கியவரை நீதிமன்றம் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. தாமதத்தின் இன்னொரு விலை இது. வழக்குப் போட்ட பிறகு வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வழக்கின் முடிவு அவரையும் கட்டுப்படுத்தும். இருந்தாலும், விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்டு வாங்கிவிடுவதுதான் வழக்கம்.

ஜெயித்தால் என்ன நடக்கும்? தீர்ப்பாணையின் நகலை நீதிமன்றமே பதிவு அலுவலகத்துக்கு அனுப்பும். பத்திரத்தின் பதிவில், அது ரத்தானது என்று சார்பதிவாளர் குறிப்பு எழுதுவார். மகன் அன்றைக்குத் தளத்தில் பார்த்த அந்தப் பதிவு அழிந்துபோகாது. அது ரத்தானது என்ற குறிப்பும் கூடவே இருக்கும்.

அதனால், வில்லங்கச் சான்றில் தெரியாத பெயர் ஒன்றைப் பார்த்தால் சொந்தக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன், ஒரு பேப்பரில் மூன்று தேதிகளை எழுதுங்கள். பத்திரம் பதிவான நாள், அதைப் பற்றி வீட்டுக்கு முதல் காகிதம் வந்த நாள், உங்களுக்குத் தெரிந்த நாள். வக்கீலிடம் போகும்போது அந்தப் பேப்பரையும், பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் எடுத்துப் போங்கள். அவர் முதலில் பார்க்கப்போவது அந்தத் தேதிகளைத்தான்.